நுரைக்கு எத்தனை மதிப்பெண்?

பெங்களூரின் கிழக்கே, மாரத்தஹள்ளிக்கு அப்பால் உள்ள ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், 2024ஆம் ஆண்டுக் கோடை முடிந்து பள்ளி திறந்ததும் மாணவர்களுக்கு ஒரு குழுத் திட்டப்பணி கொடுத்தார். அந்தக் கோடையில் நகரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றிப்போயின. டேங்கர் லாரியின் ஒலி கேட்டவுடன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் வகுப்பில் பாதிப் பேருக்கு இருந்தது. ஆகவே கேள்வியைத் தேடி அவர் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. 'நம் வீட்டுக்கு வரும் தண்ணீர்களில் எது கடின நீர்?' என்பதே கேள்வி. தோரேகாடனஹள்ளியில் இருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், டேங்கர் நீர், ஆர்.ஓ. கருவியில் வடிந்த நீர் என நான்கு மாதிரிகள்.

சோதனை எளியது. குளியல் சோப்பைச் சீவி ஆர்.ஓ. நீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் பத்து மில்லிலிட்டர் எடுத்துச் சோதனைக் குழாயில் விட்டு, சோப்புக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு துளிக்கும் பத்து முறை குலுக்க வேண்டும். நுரை அரை நிமிடம் அடங்காமல் நிற்கும்வரை எத்தனை துளிகள் தேவைப்பட்டன என்று எண்ண வேண்டும். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெண்படிவாகிவிடும். அவை தீர்ந்த பிறகே நுரை எழும். துளிகள் கூடினால் கடினம் கூடுதல் என்று கொள்ளலாம்.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஒன்பது குழுக்களில் நால்வர், இரண்டு குழுக்களில் மூவர். மதிப்பிட அவர் கையில் இருந்தது பள்ளியில் ஆண்டாண்டாகக் கைமாறி வந்த ஒரு ரூப்ரிக், அதாவது மதிப்பீட்டுக் கட்டம். உள்ளடக்கம் 5, படைப்பாற்றல் 5, விளக்கிக் கூறுதல் 5, குழுவாகச் செயல்படுதல் 5. ஒவ்வொன்றிலும் மிக நன்று, நன்று, முயற்சி தேவை என்று மூன்று படிகள். குழு பெறும் மதிப்பெண்ணே குழுவில் ஒவ்வொருவருக்கும்.

முதல் குழுவின் அட்டை அழகாக இருந்தது. பள்ளிக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையில் வண்ணப் படம் எடுத்து ஒட்டி, ஜிகினாத் தூள் தூவியிருந்தார்கள். ஆர்.ஓ. நீர் 5, காவிரி 10, டேங்கர் 15, கிணற்று நீர் 20 என்று அட்டவணை. ஒவ்வொன்றும் ஒரு முறைதான் அளக்கப்பட்டது. ஐந்தைந்தாக ஏறும் எண்கள் ஆசிரியையைச் சற்றே உறுத்தின. ஆனால் அந்த உறுத்தலை எழுத ரூப்ரிக்கில் இடமில்லை. 4, 5, 5, 4 ஆக 18 கொடுத்தார்.

இன்னொரு குழுவின் முடிவு 'எல்லா நீரும் ஒன்றுபோலவே நுரைத்தது' என்பது. அட்டை வெறுமையாக இருந்தது. ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஒரு சிறுவன் முன்னால் நின்று இரண்டே வாக்கியம் சொன்னான். மற்ற மூவரும் பின்னால் நின்றார்கள். முடிவு தவறு என்பதால் உள்ளடக்கத்துக்கு 2, மற்ற மூன்றுக்கும் தலா 3. மொத்தம் 11.

இரண்டு வாரம் கழித்து, வழக்கமான நோட்டுத் திருத்தலின்போது, அந்தக் குழுவில் இருந்த ஒரு சிறுமியின் குறிப்பேடு அவர் கைக்கு வந்தது. அவளுடைய பெற்றோர் தருமபுரிப் பக்கத்தில் இருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். வகுப்பில் வாய் திறவாதவள். அவளுடைய நோட்டில் பன்னிரண்டு அளவுகள் இருந்தன. காவிரி 3, 4, 3, கிணற்று நீர் 4, 3, 4, டேங்கர் 3, 9, 4, ஆர்.ஓ. 3, 3, 4. அந்த ஒன்பதை வட்டமிட்டு, 'மணி அடித்தது, எண்ணிக்கை தவறியிருக்கலாம்' என்று எழுதியிருந்தாள். கீழே, 'சோப்பு இல்லை, கைகழுவும் திரவம் பயன்படுத்தினோம்' என்று ஒரு வரி.

ஆசிரியைக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடைகளில் கிடைக்கும் கைகழுவும் திரவங்கள் பெரும்பாலும் சோப்பால் ஆனவை அல்ல; செயற்கை டிடர்ஜென்ட்டுகள். அவை கால்சியத்தோடு சோப்பைப் போல வெண்படிவாகிப் படிவதில்லை. ஆகவே கடின நீரிலும் எளிதில் நுரைக்கும். அந்தக் குழு கண்டது தவறான முடிவே அன்று. அவர்கள் எடுத்த பொருளுக்கு அதுதான் சரியான முடிவு. மும்முறை அளந்து, பிசகிய அளவை அழிக்காமல் வைத்து, எதைப் பயன்படுத்தினோம் என்று ஒப்புக்கொண்ட நோட்டுக்குப் பதினொன்று; ஒருமுறை அளந்த, ஒருவேளை அளக்கவே செய்யாத, ஜிகினா அட்டைக்குப் பதினெட்டு. மதிப்பெண் பதிவேட்டில் ஏறிவிட்டது. அடுத்த பருவத்துக்குள் ரூப்ரிக்கை மாற்றி எழுதுவது என்று அவர் தீர்மானித்தார்.

முதலில் அவர் செய்தது வரிகளைக் கூட்டுவது அல்ல, குறைப்பது. படைப்பாற்றல் போயிற்று. அது எதைக் குறிக்கிறது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. நடைமுறையில் அது பெற்றோர் செலவழித்த பணத்தையே அளந்தது. விளக்கிக் கூறுதலும் போயிற்று. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என நான்கு வீட்டுமொழிகள் உள்ள ஆங்கிலவழி வகுப்பில் அந்த வரி அறிவியலை அளக்கவில்லை, ஆங்கிலத்தை அளந்தது. எஞ்சியது உள்ளடக்கம். அதை மூன்றாகப் பிரித்தார்: சோதனை நியாயமானதா, அளவுகள் எப்படிப் பதிவாயின, முடிவு அளவுகளில் இருந்து எழுகிறதா.

கடினமான வேலை இனிமேல்தான். படிநிலைகளை எழுதத் தொடங்கியபோது அவர் பேனா பழக்கப்படி 'மிகத் தெளிவான பதிவு', 'ஓரளவு தெளிவான பதிவு' என்றே எழுதிற்று. பெரும்பாலான ரூப்ரிக்குகள் சாகும் இடம் இதுதான். உரிச்சொற்களைக் கூட்டியும் குறைத்தும் நான்கு கட்டங்களை நிரப்பினால், பழைய மனப்போக்கு மதிப்பெண்ணுக்குக் கட்டம் போட்டதாகுமே தவிர வேறொன்றும் ஆகாது. பக்கத்து வகுப்பின் அறிவியல் ஆசிரியையிடம் ஐந்து நோட்டுகளைக் கொடுத்து, இருவரும் ஒருவர் காணாமல் ஒருவர் மதிப்பிட்டுப் பார்த்தார்கள். 'தெளிவு' என்பது அவருக்கு அட்டவணையின் ஒழுங்கு. இவருக்கு எண்களின் முழுமை. ஒரே நோட்டுக்கு ஒருவர் நான்கும் மற்றவர் இரண்டும் இட்டிருந்தார்.

"மேடம், இதில் யார் சரி என்று பேசிப் பயனில்லை, வாக்கியம்தான் சரியில்லை" என்றார் அந்த ஆசிரியை.

அதன்பின் இருவரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். படிநிலையை விவரிக்கும் வாக்கியம், நோட்டைப் பார்த்து 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று விரல் வைத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பதிவு என்னும் வரி அப்படித்தான் உருவாயிற்று. முடிவு மட்டும் எழுதி அளவுகள் இல்லையென்றால் முதற்படி. அட்டவணை உண்டு, ஒவ்வொன்றும் ஒரே முறை என்றால் இரண்டாம் படி. ஒவ்வொரு மாதிரியும் குறைந்தது மூன்று முறை, எல்லா அளவுகளும் தரப்பட்டிருந்தால் மூன்றாம் படி. அவற்றோடு, மற்றவற்றோடு பொருந்தாத அளவும் அழிக்கப்படாமல், என்ன நேர்ந்தது என்ற குறிப்போடு இருந்தால் நான்காம் படி. சோதனை நியாயமானதா என்ற வரியில், எது மாற்றப்பட்டது என்று சொல்லாவிட்டால் ஒன்று, சொன்னால் இரண்டு, மாறாமல் வைத்தவற்றில் இரண்டையேனும் சொன்னால் மூன்று, அவற்றை எப்படி மாறாமல் வைத்தார்கள் என்பதும் இருந்தால் நான்கு. முடிவு என்னும் வரியில் அட்டவணைக்குத் தொடர்பில்லாத முடிவு ஒன்று; அட்டவணையோடு ஒத்தும் எண்ணைச் சுட்டாத முடிவு இரண்டு; எண்ணைச் சுட்டினால் மூன்று; இந்த அளவுகளைக் கொண்டு எதைச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னால் நான்கு. முடிவு சரியா தவறா என்ற கேள்வி எந்த வரியிலும் இல்லை. இதைத் தலைமையாசிரியருக்கு விளக்குவதுதான் அவருக்குச் சிரமமாக இருந்ததாம்.

குழுவாகச் செயல்படுதல் என்ற வரியோடு அவர் நீண்ட நாள் மல்லுக்கட்டினார். குழுவில் உழைப்பு சமமாகப் பகிரப்படுவதில்லை என்பது புதிய செய்தி அன்று. கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரின் இழுப்பும் குறைகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கெல்மான் 1913இல் வெளியிட்டார். பல்கலைக்கழகங்களில் இதற்கொரு தீர்வு உண்டு. கோல்ட்ஃபின்ச்சும் ரேசைடும் 1990இல் முன்வைத்த வகையில், மாணவர்கள் ஒருவருக்கொருவர் இடும் மதிப்பீட்டில் இருந்து ஒரு காரணியைக் கணக்கிட்டு, குழுவின் மதிப்பெண்ணை அதனால் பெருக்கி ஒவ்வொருவருக்கும் தனி மதிப்பெண் தருவார்கள். ஆசிரியை அதன் எளிய வடிவம் ஒன்றைச் சோதித்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் அது எடுபடவில்லை. பெரும்பாலான குழுக்களில் எல்லாரும் எல்லாருக்கும் முழு மதிப்பெண் இட்டார்கள். இரண்டு குழுக்களில் முந்தைய நாள் கிரிக்கெட் சண்டை மதிப்பெண்ணாக வெளிப்பட்டது.

ஆகவே தீர்ப்பைக் கேட்பதை விட்டுவிட்டுச் செய்தியைக் கேட்டார். ஒவ்வொரு குழுவும் ஒரு பணிப்பதிவு வைக்க வேண்டும்: எந்த நாள், என்ன வேலை, யார் செய்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். மதிப்பெண் இல்லை என்பதாலோ என்னவோ, உண்மையை எழுதினார்கள். அதைப் படித்தபோது வேறொன்று புலப்பட்டது. பதினொரு குழுக்களில் பெரும்பாலானவற்றில் குழாய் கழுவியது, மேசை துடைத்தது, அட்டை வெட்டியது என்ற வேலைகளுக்கு எதிரே பெண்பிள்ளைகளின் பெயர்கள். துளி விட்டது, எண்ணியது, பேசியது என்பவற்றுக்கு எதிரே பையன்கள். இது ரூப்ரிக்கால் தீரும் நோய் அன்று. வேலைகளை ஒவ்வொரு வகுப்பிலும் சுழற்சியாக மாற்றினார். எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல் நிறைய மாறியது அங்கேதான்.

மதிப்பெண்ணின் அமைப்பும் மாறிற்று. இருபதில் பன்னிரண்டு குழுவுக்கு. மேற்சொன்ன மூன்று வரிகளுக்கும் தலா நான்கு. எட்டு தனியாளுக்கு, சொந்த நோட்டுக்கு நான்கு, வாய்மொழிக் கேள்விக்கு நான்கு. அந்தக் கேள்வியை எந்த மொழியிலும் பதிலளிக்கலாம். ஆசிரியைக்குத் தமிழும் கன்னடமும் தெரியும். தெலுங்குக்கும் உருதுக்கும் பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் உதவினார்கள். நேரம்தான் முட்டுக்கட்டை. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் எண்பத்து நான்கு நிமிடம், அதாவது நாற்பது நிமிடப் பாடவேளை இரண்டுக்கு மேல். கடைசியில் ஒரே நாளில் கேட்பதைக் கைவிட்டார். சோதனை நடக்கும்போதே மேசைகளுக்கு இடையே நடந்து, பாடவேளைக்கு மூன்று குழுக்களிடம் கேட்டு முடித்தார். கையில் இருக்கும் குழாயைக் காட்டிக் கேட்கும்போது மனப்பாடப் பதில் வருவதில்லை என்பது எதிர்பாராத ஆதாயம்.

இந்தியப் பள்ளிகளில் இந்தத் தேடல் புதிதன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002வரை நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், பிள்ளைகள் நால்வர் நால்வராக அமர்ந்து சோதனை செய்தார்கள். அங்கே தேர்வும் மாற்றப்பட்டது. புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வோடு செய்முறைத் தேர்வும் இருந்தது. வகுப்பில் சோதனை செய்யச் சொல்லிவிட்டுத் தேர்வில் மனப்பாடத்தைக் கேட்டால், பிள்ளைகள் தேர்வைத்தான் நம்புவார்கள் என்பதை அத்திட்டத்தைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். மாரத்தஹள்ளி ஆசிரியையின் சிக்கல் அதன் சிறு வடிவம்.

புதிய ரூப்ரிக்கைக் கொண்டு பழைய இரண்டு குழுக்களையும் அவர் திரும்ப மதிப்பிட்டுப் பார்த்தார், பதிவேட்டுக்காக அல்ல, தமக்காக. ஜிகினா அட்டைக் குழு பத்து மில்லிலிட்டரையும் பத்துக் குலுக்கலையும் குறிப்பிட்டிருந்தது. ஆகவே நியாயத்துக்கு 3. ஒருமுறை மட்டும் அளந்ததால் பதிவுக்கு 2. முடிவில் 'கிணற்று நீர் கடினமானது. அதைக் குடித்தால் சிறுநீரகக் கல் வரும்' என்று எழுதியிருந்தார்கள். முதற்பாதி அட்டவணையோடு ஒத்தாலும் எந்த எண்ணையும் சுட்டவில்லை. இரண்டாம் பாதிக்கு அட்டவணையில் ஆதாரமே இல்லை. தயங்கி 2 இட்டார். பன்னிரண்டுக்கு 7. மற்றக் குழுவுக்கு நியாயம் 3, பதிவு 4, முடிவு 3, ஆக 10. அந்தச் சிறுமியின் நோட்டுக்கு 4. வாய்மொழிக்கு அவளை அழைத்து, "ஏன்மா ஒவ்வொரு முறையும் பத்துத் தடவைதான் குலுக்கணும்?" என்று கேட்டார். "கூடக் குலுக்கினா நுரை கூட வரும் மிஸ், அப்புறம் தண்ணியாலயா குலுக்கினதாலயான்னு தெரியாது" என்றாள். கழுவிய குழாயில் ஒட்டியிருக்கும் நீர் எண்ணிக்கையை மாற்றுமா என்ற அடுத்த கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. 3 இட்டார். மொத்தம் 17. முன்னால் நின்று பேசிய சிறுவனின் நோட்டில் பாதி அளவுகள்தான் இருந்தன. அதற்கு 2, வாய்மொழிக்கு 3, மொத்தம் 15. அவனுக்கு அநீதி நேர்ந்ததாக யாரும் சொல்ல முடியாது. பேசுவதும் ஒரு வேலைதான். அதை அவன் செய்தான்.

இந்த அளவில் ரூப்ரிக் முடிந்துவிட்டதாக அவர் நினைத்தார். அடுத்த பருவத்தில் அதை முன்கூட்டியே நகலெடுத்து ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தார். எதை அளக்கிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது நல்ல கொள்கைதான். இம்முறை பாடம் வெப்பக் கடத்தல். எஃகு, அலுமினியம், பித்தளைக் கரண்டிகள் எது முதலில் சூடாகிறது என்ற சோதனை. வந்த பதினொரு நோட்டுகளில் எட்டில் ஒரு பொருந்தாத அளவு இருந்தது. எட்டிலும் அதற்கு ஒரு குறிப்பு. எட்டிலும் அது இரண்டாவது முறை எடுத்த அளவு. பித்தளைக் கரண்டி எல்லார் வீட்டிலும் இரண்டாம் முறை மட்டும் பிசகாது. நான்காம் படியை அடைவதற்காகப் பிசகை உற்பத்தி செய்திருந்தார்கள். நேர்மைக்கு மதிப்பெண் வைத்தவுடன் நேர்மையும் ஜிகினாத் தூளாகிவிட்டது என்று அவர் தோழியிடம் சொல்லிச் சிரித்தாராம். சிரிப்பில் வருத்தமும் இருந்திருக்கும்.

நான்காம் படியை அவர் திருத்தினார். பொருந்தாத அளவு இருக்க வேண்டும் என்பதை எடுத்துவிட்டு, 'மூன்று அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைச் சுட்டி, அது பெரிதா சிறிதா என்று எதைக் கொண்டு தீர்மானித்தார்கள் எனச் சொல்லியிருக்க வேண்டும்' என்று எழுதினார். பிசகு இல்லாத நோட்டும் இப்போது நான்காம் படியை எட்டலாம். அளவுகளைச் சோதனைக் கூடத்திலேயே பேனாவால் எழுத வேண்டும், ஆசிரியை அன்றே தேதியிட்டுச் சுருக்கொப்பம் இடுவார் என்பது ரூப்ரிக்குக்கு வெளியே வைத்த இன்னொரு விதி. புனைந்த எண்களை அது முற்றிலும் தடுக்காது. ஆனால் வீட்டுக்குப் போய் இரவில் எண்களைத் திருத்தி எழுதும் வசதி இல்லாமற்போயிற்று. தோழியும் அவரும் மறுபடி ஐந்து நோட்டுகளைத் தனித்தனியே மதிப்பிட்டார்கள். பதிவு, நியாயம் இரண்டிலும் ஒத்துப்போயினர். முடிவு என்ற வரியில் இரண்டு நோட்டுகளுக்கு இன்னும் ஒரு படி வேறுபடுகிறார்கள். 'எதைச் சொல்ல முடியாது' என்பதை ஒரு குழு சும்மா வாய்ப்பாடாக எழுதினால் அதற்கு எவ்வளவு என்பதில் உடன்பாடு இல்லை. அந்த வரி இப்போதும் பென்சிலில்தான் இருக்கிறது.

ஆண்டு முடிவதற்குள், கைகழுவும் திரவக் குழு தாமாகவே கேட்டு, ஒரு மாலை சோதனையைத் திரும்பச் செய்தது. இம்முறை குளியல் சோப்பு. டேங்கர் நீருக்கு 14, 16, 15 துளிகள். கிணற்று நீருக்கு 15, 14, 16. காவிரிக்கு 6, 5, 6. இதற்கு மதிப்பெண் எதுவும் இல்லை. சிறுமி நோட்டில் இப்படி எழுதினாள்: 'டேங்கர் நீரும் கிணற்று நீரும் ஏறக்குறைய ஒரே எண். டேங்கர் நீர் ஏதோ ஒரு போர்வெல்லில் இருந்து வந்திருக்கலாம். ஆனால் எந்தப் போர்வெல் என்று டேங்கர்காரரிடம் நாங்கள் கேட்கவில்லை.'